நான்கு பேர் பாடினால் இரண்டு பேர் போலக் கேட்பது ஏன்?

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்காக ஒரு பாட்டை நான்கு குரலுக்கு எழுதிப் பார்த்தாராம். ஓர் இடத்தில் மட்டும் நான்கு பேர் பாடியும் இரண்டு பேர் பாடுவதுபோல் கேட்கிறது. குரலைக் கூட்டிப் பாடியும் பயனில்லை. தாளைப் பார்த்த இசை ஆசிரியர் அந்த இடத்தைச் சுழித்து, 'பேரலல் ஃபிஃப்த்ஸ், கூடாது' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் கூடாது என்பதுதான் கேள்வி.

மேஜர் ஸ்கேல் நம்முடைய சங்கராபரணம்தான் என்பதால் சுரங்களாகவே பார்ப்போம். பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. அவர் எழுதியதில் முதல் கார்டு ம-த-ச, அடுத்தது ப-நி-ரி. கீழிருந்து மேலாக பேஸ் ம, டெனர் ச, ஆல்டோ மேல் ம, சொப்ரானோ த. அடுத்த கார்டுக்கு நான்கு பேரும் ஆளுக்கு ஒரு படி ஏறிவிட்டார்கள்: ப, ரி, ப, நி. பேஸுக்கும் டெனருக்கும் நடுவே முதலில் இருந்தது ம-ச. இது ச-ப போன்ற அதே ஐந்தாம் சுர இடைவெளி. ஏறிய பிறகு ப-ரி. அதுவும் அதே இடைவெளிதான். ஆசிரியர் சொன்ன 'பேரலல் ஃபிஃப்த்ஸ்' இதுதான், சிக்கலும் இங்கேதான்.

எந்தக் குரலும் ஒற்றை அதிர்வெண் அல்ல. 200 ஹெர்ட்ஸில் ச பாடினால் கூடவே 400, 600, 800, 1000, 1200 என்று மேற்சுரங்களும் ஒலிக்கின்றன. அதற்கு ப 300 ஹெர்ட்ஸ். அதன் மேற்சுரங்கள் 600, 900, 1200. இவற்றில் 600, 1200 இரண்டும் ச-வினுடைய வரிசையிலும் இருக்கின்றன. அதாவது ப-வின் மேற்சுரங்களில் ஒன்றுவிட்டு ஒன்று ச-வின் மேற்சுரத்தோடு பொருந்திவிடுகிறது. மேல் ச என்றால் (400, 800, 1200) முழுதுமே உள்ளே அடங்கிவிடும். தம்புராவில் ச-வும் ப-வும் பிரிக்க முடியாமல் இழைவது இதனால்தான்.

இடைவெளி மட்டும் இப்படி இருந்தால் பாதகமில்லை. இரண்டும் சேர்ந்து நகரும்போதுதான் காது ஏமாறுகிறது. ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கும் அதிர்வெண்களை மூளை ஒரே தொண்டையிலிருந்து வருவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். இயற்கையில் பெரும்பாலும் அது சரியான கணக்கு. டேவிட் ஹ்யூரான் என்ற இசை ஆய்வாளர் 2001-இல் வாய்ஸ் லீடிங் விதிகளை, அதாவது ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு ஒவ்வொரு குரலும் எப்படி நகர வேண்டும் என்ற விதிகளை, இந்தக் கோணத்தில்தான் விளக்கினார்: குரல்களைத் தனித்தனியாகக் கேட்க வைப்பதே அவற்றின் வேலை.

இதைக் காதால் சோதிக்க பைப் ஆர்கன் இருந்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. அதில் 'மிக்சர்' என்ற ஸ்டாப்பை இழுத்தால், ஒரு கட்டையை அழுத்தும்போதே அதன் ப-வுக்கான குழாய்களும் மேலே சேர்ந்து ஒலிக்கும். பாட்டு முழுக்க இரண்டும் இணையாகவே நகரும். ஆனால் யாருக்கும் இரண்டு மெட்டு கேட்பதில்லை. ஒரே மெட்டு பளபளப்பாகக் கேட்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரின் பவர் கார்டும் இதே வித்தைதான். அங்கே வேண்டியது ஒற்றைத் தடித்த ஒலி, அதனால் அது தவறே இல்லை. காரணம் சொல்லாமல் 'கூடாது' என்று மட்டும் கற்பித்தால் விதி சகுனம் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, திருத்துவது எப்படி? பேஸ் ம-விலிருந்து ப-வுக்கு ஏறட்டும். மற்ற மூவரும் இறங்கட்டும்: டெனர் ச-விலிருந்து நி, ஆல்டோ ம-விலிருந்து ரி, சொப்ரானோ த-விலிருந்து ப. அதே கார்டுதான், ஆனால் இப்போது நான்கு பேரின் குரலும் தனித்தனியாகக் கேட்கும்.

இப்போது நி டெனரிடம் இருக்கிறது. லீடிங் டோன் என்பது இதுதான். மேல் ச-வுக்கு அரைச் சுரம் கீழே நிற்பதால் ச-வில் போய் முடியத் தவிக்கும். அடுத்த கார்டு ச-க-ப என்றால் பேஸ் ச-வுக்குப் போகும், டெனர் நி-யிலிருந்து ச-வுக்கு ஏறும், ஆல்டோ ரி-யிலிருந்து க-வுக்கு, சொப்ரானோ ப-விலேயே நிற்கும். இந்த நி-யை இரண்டு குரலுக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள். இரண்டும் ச-வுக்கே ஓடும், பழையபடி இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், கோரல்கள் எனப்படும் தன் நான்கு குரல் தேவாலயப் பாடல்களில் பல இடங்களில் ஆல்டோவின் அல்லது டெனரின் நி-யை ச-வுக்கு ஏற்றாமல் ப-வுக்கு இறக்கிவிடுவார். கடைசிக் கார்டில் ப இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக. அதே நேரம் சொப்ரானோ ரி-யிலிருந்து ச-வுக்கு வந்து சேர்வதால், காது எதிர்பார்த்த ச மேலே கிடைத்துவிடுகிறது. நி சொப்ரானோவிலேயே இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. மேல் குரலில் அது ஏறாவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

வாசகர் தன் தாளில் மற்ற இடங்களையும் பார்க்க விரும்பினால், நான்கு குரலில் ஆறு ஜோடிகள் உண்டு. ஐந்தாம் சுர இடைவெளியோ, ச-மேல் ச இடைவெளியோ உள்ள ஜோடிகளை மட்டும் பென்சிலால் குறியுங்கள். அடுத்த கார்டிலும் அந்த ஜோடியில் அதே இடைவெளி இருந்து, இருவரும் நகர்ந்திருந்தால் அங்கே ஒரு குரல் மறையும். சந்தேகமான இடத்தில் அந்த இருவரை மட்டும் பாடச் சொல்லிவிட்டு, அறையின் மறுகோடியில் நின்று கேளுங்கள்.