மரியாதை மூடிவிடும் மறுப்பு

மட்டக்களப்பில் இருந்தபடி நெதர்லாந்து வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில், முக்கியமான மின்னஞ்சல்களை அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை வாசித்துப் பார்ப்பதுண்டு. இலக்கணப் பிழைகளைவிட, சொல்லவேண்டிய மறுப்பை மரியாதை மூடிவிடுவதையே அவற்றில் அதிகம் காண்கிறேன்.

ஒரு டிசம்பர் மாதம், கட்டணம் செலுத்தும் பக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் தரமுடியுமா என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். வங்கியின் சோதனைக் கணக்கை அவர் இன்னும் அனுப்பாததால் அது நடக்காது. எங்கள் தம்பி ஒருவர் எழுதிய வரைவு இப்படி இருந்தது: “மதிப்புக்குரிய ஐயா, தங்கள் மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி. சில சிறிய சிக்கல்கள் உள்ளன. எனினும் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க இயன்றவரை முயல்கிறோம்.” இதை வாசிக்கும் நம்மவர், வேலை முடியாது என்பதை உடனே விளங்கிக்கொள்வார். நேராகப் பேசிப் பழகிய ஒல்லாந்துக்காரரோ வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றே எடுத்துக்கொள்வார். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறார்கள். வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு “எங்கே?” என்று அவர் கேட்டால், இங்கே இரவு ஏழரை, அலுவலகம் பூட்டியிருக்கும். திங்கள் காலை நாம் பதில் எழுதினாலும், அவர் ஒன்பது மணிக்கு அதைத் திறக்கும்போது நமக்குப் பகல் ஒன்றரை ஆகிவிடும்.

திருத்தி அனுப்பியது, அவருடைய முதற்பெயரோடும் ஒரு வணக்கத்தோடும் தொடங்கியது: “வெள்ளிக்கிழமை தரமுடியாது. புதன்கிழமை, உங்கள் நேரம் பிற்பகல் 1 மணிக்குத் தருவோம். சோதனைக் கணக்கு இல்லாமல் கட்டணத்தைச் சரிபார்க்க இயலாது. திங்கள் நண்பகலுக்குள் அதை அனுப்ப முடியுமா?” பணிவு இங்கே ஒரே இடத்தில், நாம் அவரிடம் ஒன்றைக் கேட்கும் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. பதிலிலும் திகதியிலும் “முயல்கிறோம்”, “அநேகமாக” போன்றவை ஒட்டியிருந்தால் அவற்றை வெட்டிவிடுகிறேன்.

கேட்கும் வாக்கியத்தைக் கேள்வியாகவே எழுதச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் கட்டளைக்கு முன்னால் ‘ப்ளீஸ்’ அல்லது ‘கைண்ட்லி’ சேர்த்துவிட்டால் பணிவாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்; வாசிப்பவருக்கு அது பெரும்பாலும் கட்டளையாகவே ஒலிக்கும்.

இந்த அளவு எல்லா நாட்டாருக்கும் பொருந்தாது. பிரித்தானிய வாடிக்கையாளருக்கு வருத்தத்தையும் காரணத்தையும் முன்னால் வைத்து, மறுப்பைப் பின்னால் வைப்பேன். ஆனால் திகதி அங்கேயும் அப்பட்டமாகவே இருக்கும். அந்த வாடிக்கையாளரின் முந்தைய மின்னஞ்சல்கள் இரண்டைத் திறந்து, அவர் எத்தனை வரிகளுக்குப் பிறகு விடயத்துக்கு வருகிறார் என்று பார்த்தால் அளவு பிடிபட்டுவிடும்.

அவர்களிடமிருந்து வருவதையும் இதே அளவுகோலால் வாசிக்கவேண்டும். “இந்தப் பக்கம் சரியில்லை, மாற்றுங்கள்” என்று ஒல்லாந்துக்காரர் ஒற்றை வரியில் எழுதினால், அதைக் கோபம் என்று கொண்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. எது சரியில்லை என்று கேட்டு, திருத்தித் தரும் நாளையும் அவருடைய நேரத்தையும் எழுதினால் போதும்.