அறை ஒன்று, விலை நான்கு

ஊட்டியில் நடுத்தர ஹோட்டல் ஒன்றின் முன்பதிவுப் பிரிவில் இருக்கிறேன். சீசனில் ரிசப்ஷனில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான். வந்தவர் ஹோட்டலைப் பார்த்து புக் செய்திருப்பார், எந்த ரேட் பிளானில் செய்தோம் என்று பார்த்திருக்க மாட்டார்.

ஒரே டபுள் ரூமை நாங்கள் மூன்று நான்கு விலையில் ஆப்பில் விடுகிறோம். EP என்றால் அறை மட்டும். CP என்றால் காலை உணவு சேர்த்தி. MAP என்றால் அதோடு இன்னொரு வேளைச் சாப்பாடும். இதே அறை, ரத்து செய்தால் பணம் வராது என்ற நிபந்தனையோடு இன்னும் கொஞ்சம் மலிவாகவும் இருக்கும். தேடும்போது முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த மலிவான பிளானின் விலை. சாப்பாடும் ரத்து விதியும் ஹோட்டலைப் பொறுத்தவை இல்லை, நீங்கள் அழுத்தும் அந்த பிளானைப் பொறுத்தவை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். திரையில் இரவுக்கு 2,999 ரூபாய், இரண்டு இரவுக்கு 5,998. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 18. ஆக இங்கே வரி சுமார் 300 ரூபாய். ஆனால் Taxes & fees என்ற இடத்தில் 780 என்று இருக்கிறது. கூப்பன் போட்டிருந்தால் வரிக் கணக்கு சற்று மாறலாம், அதற்காக இவ்வளவு வித்தியாசம் வராது. மீதி 480 ரூபாயும் முன்பதிவுத் தளத்தின் கட்டணம். வரியோடு சேர்த்து எழுதியிருப்பதால் யாரும் கேட்பதில்லை. புக்கிங்கை ரத்து செய்தால் பல தளங்களில் இந்தக் கட்டணம் திரும்பி வராது.

இத்தோடு 6,778. ஆப்பில் 'பெரியவர்கள் 2' என்று மட்டும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். சின்னவனுக்குக் கட்டணம் இல்லை. பெரியவளுக்கு எக்ஸ்ட்ரா பெட் இரவுக்கு 900, வரியோடு இரண்டு இரவுக்கு 1,890. குளிருக்கு ரூம் ஹீட்டர் இரவுக்கு 400 என்று 800. மொத்தம் 9,468 ரூபாய், அதாவது இரவுக்கு 4,734. காலை உணவு இன்னும் இதில் இல்லை. 4,500 ரூபாய்க்கு எக்ஸ்ட்ரா பெட்டும் காலை உணவும் சேர்த்துக் கொடுத்த பக்கத்து ஹோட்டலை 'விலை அதிகம்' என்று தள்ளிவிட்டுத்தான் இங்கே வந்திருப்பார்கள்! தேடும்போதே பிள்ளைகளின் வயதைப் போட்டுவிடுங்கள், எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஹீட்டர், பார்க்கிங், டிரைவர் தங்க இடம், டிசம்பர் 31 இரவின் கட்டாய டின்னர் இதெல்லாம் ஹோட்டல் விதிகள் பகுதியில் அடியில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. போன் செய்து கேட்பதுதான் வழி.

பணம் கட்டும் பக்கத்தில் நீங்கள் தொடாமலே டிக் ஆகியிருக்கும் காப்பீடு, நன்கொடையையும் எடுத்துவிடுங்கள். அப்படித் தானாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டு நெறிகள் முறையற்றதாகவே வகைப்படுத்தியிருக்கின்றன. புகாருக்கு 1915.

ரிவ்யூ விஷயத்தில் நட்சத்திர சராசரியை நான் பெரிதாக நம்புவதில்லை. மலைப் பகுதி ஹோட்டல்கள் பல லீசுக்கு ஓடுபவை. நடத்துபவர் மாறியிருப்பார், பழைய 4.3 அப்படியே நிற்கும். அதனால் 'புதியவை முதலில்' என்று மாற்றிக்கொண்டு கடைசி மூன்று நான்கு மாதங்களைப் படியுங்கள். ரிசப்ஷன் பையனின் பெயரைச் சொல்லிப் பாராட்டும் ஒரு வரி ரிவ்யூக்கள் வரிசையாக இருந்தால், அவை பெரும்பாலும் செக் அவுட் நேரத்தில் கியூஆர் கோடைக் காட்டிக் கேட்டு வாங்கியவை. பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அறையைப் பற்றி அவற்றில் ஒன்றும் இருக்காது. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் சுடுதண்ணீர் காலை எட்டு மணியோடு நின்றுவிடும் என்று எழுதியிருப்பார். ஒரே குறையை மூன்று பேர் தனித்தனி மாதங்களில் சொல்லியிருந்தால் அது உண்மை.

ரத்து விதியில் 'இலவசம்' என்ற சொல்லைவிட அதன் பக்கத்தில் இருக்கும் தேதியும் நேரமும்தான் முக்கியம். '24 மணி நேரத்துக்கு முன்' என்பதை நீங்கள் ஊட்டி வந்து சேரும் நேரத்திலிருந்து கணக்கிட மாட்டார்கள், ஹோட்டலின் செக் இன் நேரத்திலிருந்துதான். சனிக்கிழமை பகல் 12 மணி செக் இன் என்றால், வெள்ளி பகல் 12-க்குள் ரத்து செய்திருக்க வேண்டும். அன்று இரவு செய்தால் குறைந்தது முதல் இரவு வாடகை போய்விடும். அந்தத் தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், எங்கள் தொழிலில் சிலர் செய்கிற வேலை ஒன்று உண்டு. "ஆப் புக்கிங்கை கேன்சல் பண்ணிட்டு நேரா எங்களுக்கே பணம் போடுங்க சார், குறைச்சுத் தர்றோம்" என்று போன் வரும். நீங்களே ரத்து செய்தால் அதற்கான பிடித்தம் உங்கள் கணக்கில்தான் விழும். அங்கே போனதும் அறை இல்லை என்றால், புக்கிங்கே இல்லாததால் தளமும் உதவிக்கு வராது. அறை தர முடியவில்லை என்றால் ரத்தை அவர்கள் பக்கத்திலிருந்து செய்யச் சொல்லுங்கள்.