ஐந்து லட்சம் சேர எத்தனை மாதம்?

மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. கட்டி 5 லட்சம் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டியே இல்லையென்றால் 100 மாதம். ஆண்டுக்கு 6 சதவீதம், அதாவது மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி வந்தால் எத்தனை மாதம்?

இங்கேதான் கணக்கு முரண்டு பிடிக்கிறது. முதல் மாதம் கட்டிய பணம் கடைசிவரை வட்டி ஈட்டும். கடைசி மாதம் கட்டியதற்கு வட்டியே கிடையாது. இடையில் உள்ள ஒவ்வொரு தவணையும் வேறுவேறு காலம் வளர்கிறது. எத்தனை தவணை என்பதே தெரியாதபோது எதையெல்லாம் கூட்டுவது?

இதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. மாதம் அரை சதவீத வட்டியில் 5,000 ரூபாய் வட்டி தரக்கூடிய முதல் எவ்வளவு? 10 லட்சம். அப்படி ஒரு 10 லட்சம் தனியாக ஒரு கணக்கில் கிடப்பதாகவும், அதன் வட்டிதான் மாதக் கடைசியில் உங்கள் ஆர்.டி.க்குத் தவணையாக வருவதாகவும் கற்பனை செய்யுங்கள். அந்த 10 லட்சம் குறையாது, கூடாது. ஆனால் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தப் பணம் மாதாமாதம் சரியாக அரை சதவீதம் வளர்கிறது. ஆக, உங்கள் ஆர்.டி.யில் 5 லட்சம் சேரும் நாளும், மொத்தம் 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாகும் நாளும் ஒன்றே.

தவணைகளின் நீண்ட கூட்டல் மறைந்துவிட்டது. 1.005-ஐ எத்தனை முறை பெருக்கினால் 1.5 வரும் என்ற ஒரே கேள்விதான் மிச்சம். தேடும் எண் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்குவதுதான் log எனப்படும் மடக்கையின் வேலை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கடிகாரக் கலைஞர் யோஸ்ட் பூர்கி 1620-இல் பிராகில் வெளியிட்ட மடக்கை அட்டவணையில் ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிட 1.0001 மடங்கு. கூட்டு வட்டி வளர்வதும் இதே மாதிரிதான்.

இலக்கு F, மாதத் தவணை P, மாத வட்டி i என்றால்:

```
n = log(1 + F*i/P) / log(1 + i)
```

நம் கணக்கில் இது log(1.5) / log(1.005). விடை 81.3 மாதம்.

சரி, அந்த 0.3 மாதத்தை என்ன செய்வது? தவணை மாதத்துக்கு ஒருமுறைதான், அதனால் 82 என்று மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். 81-ஆம் தவணை முடிந்ததும் கையிருப்பு சுமார் 4,97,790 ரூபாய், 2,210 குறைகிறது. அடுத்த மாதம் இந்த இருப்புக்கு வரும் வட்டி மட்டுமே சுமார் 2,489. ஆக 82-ஆம் மாத முடிவுவரை காத்திருக்க வேண்டும், ஆனால் 82-ஆம் தவணையைக் கட்ட வேண்டியதில்லை. சூத்திரம் தருவது காலத்தைத்தான். கடைசித் தவணை தேவையா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாதத் தொடக்கத்திலேயே கட்டுபவருக்கு விடை 80.96, அதாவது 81 மாதமே போதும்.

நம் நாட்டு வங்கி ஆர்.டி.களில் பொதுவாக வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் முதலோடு சேர்ப்பார்கள். அப்படிப் போட்டாலும் விடை 81.37-தான், கவலைப்பட ஏதுமில்லை.

எக்செல்லில் ஒரே வரி போதும்:

```
=NPER(0.005,-5000,0,500000)
```

நம் கையிலிருந்து போகும் பணம் என்பதால் தவணைக்குக் கழித்தல் குறி. அதை விட்டுவிட்டால் -138.98 என்று வரும். மாதம் எதிர்மறையாக இருக்க முடியாது என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது வேறொன்று. மாத வட்டிக்குப் பதில் ஆண்டு வட்டியான 0.06-ஐ அப்படியே போட்டால் 33.4 என்று நம்பும்படியான எண் வரும். விடையைத் தவணையால் பெருக்கிப் பாருங்கள். 33 மாதத்தில் நீங்கள் கட்டியதே 1,65,000 ரூபாய்தான். மூன்றே ஆண்டுக்குள் அது 6 சதவீதத்தில் 5 லட்சமாக வழியில்லை.

இவ்வளவும் இலக்கு அசையாமல் நிற்கும்வரைதான். வாங்க நினைக்கும் பொருளின் விலையும் மாதம் அரை சதவீதம் ஏறினால்? அப்போது வட்டியும் விலையேற்றமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், பழைய 100 மாதமே வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விலை 5 லட்சத்திலிருந்து மாதாமாதம் வளர, தவணை 5,000-இலேயே நிற்கிறது. கற்பனைக் கணக்கை மறுபடி எடுங்கள்: மொத்தம் 20 லட்சமாகும்போது ஆர்.டி.யில் 10 லட்சம் இருக்கும், அதற்குள் பொருளின் விலையும் இரட்டித்து 10 லட்சமாகியிருக்கும். அதற்கு 139 மாதம் ஆகும். 100 மாதத்தில் முடிய வேண்டுமானால் தவணையையும் முதல் தவணையிலிருந்தே மாதாமாதம் அதே அரை சதவீதம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.