ஏணிப்படி ஏன் கழல்கிறது?

பெயிண்ட் வேலை பார்க்கும் ஒருவர் போன மாதம் பத்தடி ஏணி ஒன்றைப் பட்டறைக்குத் தூக்கிவந்தார். நாலாவது படியைப் பிடித்துத் திருகினேன், அப்படியே சுற்றியது. படியின் முனையில் செதுக்கிய கழுந்து ஏணியின் காலுக்குள் அரை அங்குலம்தான் போயிருந்தது. ஆடத் தொடங்கியதும் யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள். ஆணியைச் சுற்றிக் கால் பிளந்து, துருவேறிக் கறுத்திருந்தது. இதன் மேல் நின்றுதான் அவர் இரண்டாம் மாடிச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார் என்று நினைத்தாலே பதறுகிறது.

தப்பு ஆணியில் தொடங்கவில்லை, ஈர மரத்தில் தொடங்கியது. மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாட்டில்தான் சுருங்கும். அதனால் செய்த அன்று துளையில் இறுகி நின்ற கழுந்து, ஒரு கோடை போனதும் மெலிந்து ஆடுகிறது. படிக்கு எடுக்கும் கட்டைகளை நான் நிழலில், காற்றோட்டமாக அடுக்கிவைத்து, வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்வேன். எடை குறைவது நின்ற பிறகுதான் உளி வைப்பேன். கட்டையில் ரேகை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். நடுவில் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், பாரம் ஏறும்போது படி அங்கேதான் முறியும். கணு இருக்கும் கட்டையை எடுக்கவே வேண்டாம்.

அவருக்குப் புதிதாகவே செய்தேன். கால் மூன்றங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி, ஓரடிக்கு ஒரு படியாக ஒன்பது இடத்தில் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டையும் அடிமுனையிலிருந்தே அளக்க வேண்டும். முந்தின கோட்டிலிருந்து அளந்துகொண்டே போனால், நூலளவு பிசகுகூடச் சேர்ந்து சேர்ந்து மேல்படியில் ஓர் அங்குலமாகிவிடும். இறங்குகிறவர் கீழே பார்ப்பதில்லை, கால்தான் படியைத் தேடுகிறது.

துளை ஓரங்குலச் சதுரம். காலின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடைந்தால் கால் பலமிழக்கும். துளை மறுபக்கம் வரை போக வேண்டும். வெளிவாயை மட்டும் மேலும் கீழும் சற்று அகட்டினேன். கழுந்தின் முனையில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, துளையில் ஏற்றியபின் அதில் காய்ந்த வைர மரத்து ஆப்பை அடித்தேன். முனை விரிந்து அகன்ற வாயை நிறைத்துக்கொள்ளும், இழுத்தாலும் வராது. ஏணியை நிமிர்த்திப் பார்த்தால் அந்தக் கீறல் படுக்கைவாட்டில் தெரிய வேண்டும். அப்போதுதான் ஆப்பு மேலும் கீழும் நெருக்கும். கீறல் நின்றவாக்கில் இருந்தால் ஆப்பு பக்கவாட்டில் நெருக்கிக் காலையே ரேகையோடு பிளந்துவிடும். பட்டறைகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

கடைசியாக மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் அடியில் இரும்புக் கம்பி கோத்து, வாஷர் போட்டு நட்டு முடுக்கினேன். கால்கள் விலகாது.

எனாமல் அடித்துத் தரும்படி கேட்டார். வேண்டாம் என்றேன். பெயிண்ட் விரிசலை மறைத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசிக் கொடுத்தனுப்பினேன்.