எடிட்டருக்கு எழுதும் குறிப்பு: எந்தக் கிளிப், எந்த நிமிடம், எந்தச் சொல்?

"தம்பி, ஆரம்பத்துல கொஞ்சம் இழுவையா இருக்கு, அதை எடுத்துடுங்க. நடுவுல எண்ணெய் பத்தி ஒண்ணு சொல்லியிருப்பேன், அது கண்டிப்பா வரணும். எழுத்து பெருசா போடுங்க. பாட்டு ஜாலியா இருக்கட்டும்."

வீடியோ எடிட்டிங்கை வெளியே கொடுத்து வாங்குபவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள். இதை வைத்துக்கொண்டும் வேலை நடக்கும். ஆனால் மூன்று நான்கு முறை திருத்தம் போகும், இரண்டு பக்கமும் எரிச்சல் வரும். ஒரு பக்கத்துக்கு ஒழுங்காக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே திருத்தத்தில் முடிந்துவிடும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதை என்னிடம் வந்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

வீட்டிலேயே பருப்புப்பொடி அரைத்து விற்கும் ஓர் அக்கா. அவருக்கு இன்ஸ்டாகிராமில் போட ஒரு நிமிட ரீல் வேண்டும். கேமராவில் அவர் பேசுவது ஒரே நீளக் கிளிப், C0012.MP4. பருப்பு வறுப்பதும் அரைப்பதும் செல்போனில் எடுத்தவை: IMG_4471.MOV, IMG_4473.MOV. அவ்வளவுதான் சரக்கு.

முதல் சிக்கல் நேரக் குறிப்பில் வருகிறது. "2:14-ல் நல்ல டயலாக்" என்று எழுதியிருந்தார். எந்தக் கிளிப்பில் 2:14? அதைச் சொன்னாலும் போதவில்லை. சில கேமராக்கள் ஒவ்வொரு கிளிப்பையும் பூஜ்யத்திலிருந்து எண்ணாது, உள்ளே ஓடும் டைம்கோடைத் தொடர்ந்துகொண்டே போகும். இந்தக் கிளிப்பின் டைம்கோடு 03:17:42-ல் தொடங்குகிறது. அக்கா வி.எல்.சி. பிளேயரில் பார்த்த 2:14, நான் எடிட் செய்யும் மென்பொருளான பிரீமியரில் 03:19:56 என்று நிற்கும். கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம், பிரீமியரின் அமைப்பையே மாற்றி எல்லாக் கிளிப்பையும் பூஜ்யத்திலிருந்து எண்ணவும் வைக்கலாம். ஆனால் நீங்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று எனக்குத் தெரிந்தால்தானே? "நேரமெல்லாம் கிளிப்பின் தொடக்கத்திலிருந்து" என்று குறிப்பின் தலையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இன்னொன்று வாட்ஸ்அப். வீடியோவை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறவர்கள் நிறைய. அங்கே போனதும் கோப்பின் பெயர் VID, தேதி, WA என்று மாறிவிடும். என்னிடம் இருக்கும் டிரைவ் ஃபோல்டரில் அந்தப் பெயரில் எதுவும் இருக்காது. டிரைவில் ஏற்றிய அசல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே குறிப்பெழுதுவதுதான் சரி.

நேரத்தோடு சொல்லையும் எழுதுங்கள். நான் கேட்டு வாங்கிய வரி இப்படி இருந்தது:

C0012.MP4, 2:14 முதல் 2:30 வரை. தொடக்கம்: "எண்ணெய் விட்டு வறுத்தா…" முடிவு: "…வறுக்கிறதே இல்ல." கட்டாயம் வேண்டும்.

முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இருந்தால் நேரம் ஓரிரு வினாடி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தமிழ்ப் பேச்சுக்கு இது ரொம்பவே தேவை. அக்கா சொன்ன முழு வாக்கியம் இது: "எண்ணெய் விட்டு வறுத்தா மணமாத்தான் இருக்கும், ஆனா கொஞ்ச நாள்ல சிக்கு வாடை வந்துடும், அதனால நாங்க எண்ணெய் விட்டு வறுக்கிறதே இல்ல." நம் பேச்சில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில்தான் வரும். பிளேயர் காட்டுவதோ முழு வினாடிகள். அவர் முதலில் எழுதியிருந்தது 2:29. அதன்படி வெட்டினால் "இல்ல" போய்விடும், "எண்ணெய் விட்டு வறுக்கிறதே" என்று தொங்கும். நீளத்தைக் குறைக்க நினைத்து ஒருவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். "எண்ணெய் விட்டு வறுத்தா மணமாத்தான் இருக்கும்" என்று அவரே சிபாரிசு செய்கிற மாதிரி ஆகிவிடும். தமிழ் தெரியாத எடிட்டரிடம் வேலை கொடுக்கிறவர்கள் (இப்போது அது சகஜம்) அந்த வரியின் பொருளையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அவர் ஒலியின் அலை வடிவத்தைப் பார்த்து, மூச்சு விடும் இடத்தில் வெட்டுவார். அங்கேதான் பொருள் முடிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது வெட்டு. "இதை எடுத்துடுங்க" என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீளம் கருதி எடுப்பது. இடம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், முடிவு எடிட்டருடையது. மற்றது, எந்த வடிவிலும் வெளியே போகக் கூடாதது. காரணத்தை எழுதாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அக்கா ஓரிடத்தில் உற்சாகத்தில் "இதைச் சாப்பிட்டா சுகர் குணமாயிடும்" என்று சொல்லியிருந்தார். உணவுப் பொருள் விளம்பரத்தில் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விளம்பர விதிகள் இடம் கொடுப்பதில்லை. அதனால் அந்த வரிக்கு எதிரே "கட்டாய வெட்டு, சட்டச் சிக்கல்" என்று இருக்க வேண்டும். பின்னணியில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் முகம் தெரிகிற இடமும் பழைய விலை சொல்லும் இடமும் இதே வகைதான். காரணம் எழுதியிருந்தால் நீங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொரு இடத்தையும் எடிட்டரே பார்த்து எடுத்துவிடுவார்.

வெட்டினால் படம் துள்ளும். ஒரே கோணத்தில் எடுத்த பேச்சில் நடுவே ஓர் இருமலை எடுத்தால் தலை சட்டென்று இடம் மாறித் தெரியும். அதை மூட வேறு காட்சி வேண்டும். எதைக் கொண்டு மூடுவது என்பதைக் குறிப்பிலேயே சொல்லலாம்: "2:36 முதல் 2:51 வரை இருமல், தண்ணீர் குடிப்பது, வெட்டு. வெட்டு விழும் இடத்தில் IMG_4471.MOV 0:08-லிருந்து பருப்பு சிவக்கும் காட்சி. பேச்சின் ஒலி அப்படியே ஓடட்டும்." இப்படி ஒரு வரி இருந்தால் எடிட்டர் முழுச் சரக்கையும் தேட வேண்டியதில்லை. எந்த ஃபிரேமில் வெட்டுவது, முன்னும் பின்னும் எவ்வளவு மூச்சு விடுவது என்பதெல்லாம் அவர் வேலை. அதையும் நீங்களே எழுதினால் அவர் கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

முதல் வடிவம் வந்த பிறகு நேரக் குறிப்பின் பொருளே மாறிவிடுகிறது. இனி நீங்கள் பார்ப்பது எடிட் ஆன ரீலின் கடிகாரம், மூலக் கிளிப்பின் கடிகாரம் அல்ல. "வி1, 0:12" என்று பதிப்பின் பெயரோடு எழுதுங்கள். 0:12-ல் நாலு வினாடி எடுக்கச் சொன்னால் 0:41-ல் இருப்பது 0:37-க்கு வந்துவிடும். அதை நீங்களே கழித்து எழுத வேண்டாம். எல்லாத் திருத்தமும் வி1-ன் கடிகாரப்படியே இருக்கட்டும். வீட்டில் மூன்று பேர் பார்த்துவிட்டுத் தனித்தனியாகச் சொன்னால் ஒருவர் தொகுத்து ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். மாமியாருக்கு ஒரு கருத்து, கணவருக்கு ஒரு கருத்து என்று வந்த திருத்தங்களில் எதைக் கேட்பது என்று முடிவு செய்ய எடிட்டருக்கு அதிகாரம் கிடையாது.

எழுத்து வைப்பதில் பலரும் கவனிக்காத ஒன்று, செல்போன் திரை முழுவதும் நமக்குச் சொந்தமில்லை என்பது. ரீலின் அடியில் கணக்கின் பெயரும் கேப்ஷனும் உட்கார்ந்துகொள்ளும், வலப்பக்கம் லைக், ஷேர் பொத்தான்கள். ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா சொல்லும் அளவு: மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு ஓரமும் 6 சதவீதம் எழுத்தில்லாமல் விட வேண்டும். சாதாரண ரீலுக்கும் நான் இதையே பின்பற்றுகிறேன். ஆக விலையைத் திரையின் அடியில் போடச் சொன்னால் அது கேப்ஷனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிக்சல் கணக்கெல்லாம் நீங்கள் எழுத வேண்டாம். "முகத்தை மறைக்காமல், தாடைக்குக் கீழே, இடப்பக்கம். 'இல்ல' என்று சொல்லும்போது வரட்டும், மூன்று வினாடி நிற்கட்டும்" என்றால் போதும்.

தமிழ் எழுத்துக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பிரீமியரில் எழுத்து அமைப்பு 'South Asian and Middle Eastern' என்று வைக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், "பொடி" உடைந்து தெரியும். தமிழ் தெரிந்தவர் கண்ணில் உடனே பட்டுவிடும், தெரியாதவருக்கு அதுவும் ஒரு எழுத்துத்தான். எனவே திரையில் வர வேண்டியதை இரண்டு விதமாகக் கொடுங்கள்: நகலெடுத்து ஒட்ட டைப் செய்த யூனிகோட் எழுத்து, ஒப்பிட்டுப் பார்க்க அதன் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் எடிட்டர் கையால் டைப் செய்ய வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கம், அதில் ஒன்று மாறினாலும் யாரும் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள். வரியை எங்கே உடைப்பது என்பதையும் காட்டிவிடுங்கள். "எண்ணெய் சேர்க்காத / பருப்புப்பொடி" என்று வர வேண்டியது "எண்ணெய் / சேர்க்காத பருப்புப்பொடி" என்று வந்தால், வேகமாகத் தள்ளுகிறவர் கண்ணில் எண்ணெய்தான் நிற்கும்.

இசைக்கு வருவோம். "ஜாலியா" என்றால் ஒருவருக்கு நாதஸ்வரம், இன்னொருவருக்குக் குத்துப்பாட்டு. மனநிலையோடு வேகத்தையும் வாத்தியத்தையும் சேர்த்துச் சொன்னால் தேடுவது சுலபம். கடைசியில் நாங்கள் எழுதியது: "காலை நேரச் சமையலறையின் நிதானம், அவசரம் வேண்டாம். கிட்டார் அல்லது வீணை, நிமிடத்துக்கு 80, 90 தட்டு. பாடல் வரி கூடாது. சோகமும் வேண்டாம்." பாடல் வரி கூடாது என்றதற்குக் காரணம், பேச்சோடு பேச்சு மோதும் என்பதுதான். இசை எங்கே இருக்கக் கூடாது என்பதையும் எழுதினோம். பருப்பு வறுபட்டுச் சடசடக்கும் இரண்டு வினாடியும் மிக்ஸி சுற்றி நிற்கும் இடமும் இயற்கை ஒலிக்கு. அங்கே இசை அடங்கிவிடும். பேச்சுக்கு அடியில் ஓடும்போது நான் இசையைப் பேச்சைவிட 18 முதல் 20 டெசிபல் தாழ்த்தி வைப்பேன். பிறகு செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்ப்பது வழக்கம், ஹெட்ஃபோனில் நன்றாக இருப்பது அங்கே சொல்லை விழுங்கிவிடும்.

மாதிரிக்கு ஒரு சினிமாப் பாட்டின் லிங்க் அனுப்புவது தவறில்லை. ஆனால் "இந்த மாதிரி" என்கிறீர்களா, "இதையே" என்கிறீர்களா என்று எழுதிவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்குகளுக்குப் பிரபலப் பாடல்களின் முழுத் தொகுப்பும் கிடைக்காது. மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷன் போன்ற உரிமம் பெற்ற இசையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். பணம் கட்டி வாங்கும் இசையென்றால் யார் பெயரில் வாங்குவது என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும். எடிட்டரின் சந்தாவில் வாங்கியது, அந்தச் சந்தா முடிந்த பிறகும் உங்களுக்குச் செல்லுமா என்பது அந்தத் தளத்தின் நிபந்தனையைப் பொறுத்தது.

குறிப்பின் கடைசி வரியில் என்னென்ன கோப்புகள் வேண்டும் என்பதை எழுதுங்கள். முழு ரீலோடு, எழுத்தும் இசையும் இல்லாத ஒரு வடிவத்தையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பருப்பு விலை ஏறினால் பொடியின் விலையும் ஏறும். அப்போது விலை வரும் கடைசிக் கார்டை மட்டும் மாற்றிப் போட அது போதும், எடிட்டர் பழைய புராஜெக்டை அழித்திருந்தாலும்கூட.