திருப்பு விசை: மிதிகட்டையிலிருந்து பின்சக்கரம் வரை

ஒன்றை அச்சைச் சுற்றித் திருப்பும் விளைவைக் குறிக்கும் 'டார்க்' என்ற சொல்லைப் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் விளம்பரங்களில்தான் முதலில் சந்திக்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்துச் சைக்கிள் கடையில் அந்தச் சொல் காதில் விழுவது அரிது. ஆனால் "முன்னாடி பல்லு அதிகம், ப்ரீவீல் சின்னது, அதான் மிதி வெயிட்டா இருக்கு" என்று பின் பற்சக்கரமான ப்ரீவீலைக் காட்டிப் பழுது பார்ப்பவர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குரிய பொருளை அவர் துல்லியமாகவே சொல்லிவிடுகிறார். அந்த வாக்கியத்துக்குள் இருக்கும் இயற்பியலையும், அதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது தகும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

'டார்க்' லத்தீன் வழிச் சொல். அம்மொழியில் 'டார்க்குவேரே' என்றால் முறுக்குதல். இயந்திரவியல் கலைச்சொல்லாக இது 1884இல்தான் அச்சில் வந்தது. லார்ட் கெல்வினின் அண்ணனும் பொறியியல் பேராசிரியருமான ஜேம்ஸ் தாம்சன் இதைப் பரிந்துரைத்தவர் என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு, 1885இல், கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி தம் 'ரோவர்' மிதிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் அந்த அமைப்பே இன்று நாம் ஓட்டும் வண்டிகளுக்கெல்லாம் முன்னோடி. அதற்கு முந்தைய உயரச் சக்கர வண்டியில் மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. அதனால் வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தையே பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தமிழில் இதற்கு மூன்று வழக்குகள் உள்ளன. செய்தித்தாள்களும் வாகன இதழ்களும் 'முறுக்கு விசை' என்கின்றன. இது லத்தீன் வேருக்கு நெருக்கமானது. ஆயினும் ஈரத்துணியைப் பிழியும்போது துணிக்குள் நேரும் திரிபையே 'முறுக்கு' என்ற சொல் மனத்தில் எழுப்புகிறது. மிதிவண்டியில் மிதிகட்டையைத் தாங்கும் கிராங்க் அப்படித் திரிந்துகொள்வதில்லை, ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. பள்ளி இயற்பியல் நூல்களில் 'திருப்புத்திறன்', 'திருப்பு விசை' என்ற இரண்டும் வருகின்றன. இவற்றுள் முதலாவதை நான் தவிர்ப்பேன். வாட் அலகில் அளக்கும் அளவுக்கும் அதே நூல்கள் 'திறன்' என்றே பெயரிட்டிருக்கின்றன. மிதிவண்டியில் திருப்பும் அளவு மாறிக்கொண்டே இருக்க, திறன் ஏறக்குறைய மாறாமல் கடத்தப்படுகிறது. வேறுபடுத்திக் காட்ட வேண்டிய இரண்டையும் ஒரே சொல் சுமந்தால் மாணவர் தடுமாறுவது இயல்பு. எஞ்சுவது 'திருப்பு விசை'. இதிலும் குறை உண்டு: இது விசை அன்று, விசையையும் தூரத்தையும் பெருக்கி வரும் அளவு. நியூட்டன் என்று எழுதாமல் நியூட்டன் மீட்டர் என்று அலகைச் சேர்த்தே எழுதினால் அந்தக் குறை பெரிதும் நீங்கிவிடும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் இதே அளவை 'கூப்ல்' என்பார்கள். இணை என்று பொருள்படும் அச்சொல், அளவில் சமமாய் எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரு விசைகளைக் குறிப்பது. நம் பாடநூல்களில் அது 'இரட்டை' ஆகியிருக்கிறது.

தூரம் என்று சொன்னதைக் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கிராங்கை நேர் மேலே நிற்கும்படி திருப்பிக்கொண்டு, அதன் மிதிகட்டையை நேர்கீழாகக் கையால் அழுத்துங்கள். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பின்சக்கரம் சுழலாது, ஏனெனில் அழுத்தும் கோடு அச்சின் நடுவையே தொட்டுச் செல்கிறது. அதே கிராங்கை முன்னோக்கிக் கிடையாக வைத்து ஒரு விரலால் தட்டினாலும் சக்கரம் சுழலத் தொடங்கும். இப்போது விசையின் கோட்டுக்கும் அச்சுக்கும் இடையே கிராங்கின் முழு நீளமும் இருக்கிறது. விசையை அதன் கோட்டிலிருந்து அச்சு வரையுள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பதே திருப்பு விசை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அது ஏறக்குறைய பூச்சியமாகி, இருமுறை உச்சத்தைத் தொடுகிறது.

இனி அதைச் சங்கிலி வழியாகப் பின்தொடர்வோம். முன்னால் 48 பற்களும் பின்னால் 18 பற்களும் கொண்ட, கியர் மாற்ற முடியாத, 28 அங்குலச் சக்கர வண்டி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர். கிராங்க் கிடையாக நிற்கும்போது 200 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசையால் மிதித்தால், கிராங்கின் அச்சில் 34 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கிடைக்கும். சங்கிலிக்குத் திருப்பத் தெரியாது. அது இழுக்க மட்டுமே வல்லது. ஆகவே முன் பற்சக்கரம் திருப்பு விசையை இழுவிசையாக மாற்றுகிறது. சங்கிலியின் கண்ணிகள் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவை என்பதால் 48 பல் சக்கரத்தின் ஆரம் 9.7 சென்டிமீட்டர் ஆகிறது. 34ஐ அதனால் வகுத்தால் சங்கிலியின் மேற்பகுதியில் ஏறத்தாழ 350 நியூட்டன் இழுவிசை நிற்கிறது. சங்கிலியின் கீழ்ப்பகுதி தொய்ந்தே இருக்கும். அந்த 350 நியூட்டன் பின்னால் 3.6 சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு சக்கரத்தைப் பற்றி இழுக்கும்போது மீண்டும் திருப்பு விசையாகிறது. ஆனால் இப்போது அதன் அளவு சுமார் 12.8 நியூட்டன் மீட்டர் மட்டுமே. 34ஐ 18ஆல் பெருக்கி 48ஆல் வகுத்தாலும் இதே விடைதான் வரும்.

பலரும் நினைப்பதற்கு இது நேர்மாறானது. சங்கிலியும் பற்சக்கரமும் காலின் பலத்தைப் பெருக்கித் தருவதாகக் கருதுவோர் உண்டு. சாதாரணச் சைக்கிளில் அவை அதைக் குறைக்கின்றன. டயர் தரையைத் தள்ளும் இடம் அச்சிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், கடைசியில் சாலைக்குச் சென்று சேர்வது சுமார் 36 நியூட்டன். கால் கொடுத்த 200இல் ஐந்தரையில் ஒரு பங்கு. குறைந்ததற்கு ஈடாகக் கிடைப்பது வேகம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றே குறைவாகச் சுற்றும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வண்டி மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும், அதாவது பாதம் நகரும் வேகத்தைப் போல ஐந்தரை மடங்கு. விசை எத்தனை மடங்கு குறைந்ததோ அத்தனை மடங்கு வேகம் கூடியிருக்கிறது. எண்ணெயிட்ட, துருவில்லாத சங்கிலியில் உராய்வால் வீணாவது நூற்றில் சில பங்கே.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் சமநிலச் சாலைக்கு இந்தப் பல்விகிதம் நன்றாகப் பொருந்துகிறது. காற்று எதிர்க்காத வேளையில் அந்த வேகத்துக்கு 20 நியூட்டன் அளவிலான உந்தலே போதும். கடலூரின் கேப்பர் மலை ஏற்றத்தில்தான் நிலைமை மாறுகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றும், நூறு அடிக்கு ஐந்து அடி உயரும் சரிவு என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்கு 42 நியூட்டனும் டயர் உருளும் தடைக்குச் சிறிதும் சேர்த்து 48 நியூட்டன் தேவைப்படும். 48க்கு 18 பல் வண்டியில் இதற்குச் சராசரியாக 264 நியூட்டன் மிதிக்க வேண்டும். மிதியின் விசை சுற்றில் ஏறி இறங்குவதால் உச்சத்தில் 400 நியூட்டனைத் தாண்டும். இருக்கையில் உட்கார்ந்தபடி இதைத் தொடர்ந்து கொடுப்பது கடினம், எனவேதான் ஓட்டுபவர் எழுந்து நின்று தம் எடையையே மிதிமேல் ஏற்றுகிறார்.

முன்னும் பின்னும் 32 பற்கள் வரும்படி கியரை மாற்றிய வண்டியில், அதே சக்கரத்துக்கு, அதே சரிவில் சராசரியாக 100 நியூட்டன் மிதித்தால் போதும். 60 சுற்றுக்கு வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராக இறங்கிவிடும். அந்த வேகத்தில் ஏறத் தேவையான திறன் இரு வண்டிகளிலும் ஒன்றுதான், சுமார் 106 வாட். கியரில்லா வண்டியில் அதே 8 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 22 அல்லது 23 சுற்று மட்டுமே மிதிக்க நேர்கிறது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனமாக அழுத்துவது தசைக்கு ஒவ்வாதது. ஆகவே கியர் திறனைக் கூட்டித் தருவதில்லை. கால் விரும்பும் வேகத்தில் கால் விரும்பும் அழுத்தத்தைக் கொடுக்க இடம் தருகிறது. 'கியர்' என்ற சொல்லை நாம் பற்சக்கரத்துக்கும் இந்த விகிதத் தேர்வுக்கும் சேர்த்தே வழங்குகிறோம். எழுத்தில் முன்னதைப் பற்சக்கரம் என்றும் பின்னதைப் பல்விகிதம் என்றும் பிரித்தால் குழப்பம் இராது.

மேற்கண்ட கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இரு பற்சக்கரங்களுள் சங்கிலியின் இழுவிசையைத் தீர்மானிப்பது முன் பற்சக்கரம் மட்டுமே. முன் பற்சக்கரம் சிறிதானால் அதே மிதிக்கு இழுவிசை கூடும். 32 பல்லில் 200 நியூட்டன் மிதித்தால் சங்கிலியில் 525 நியூட்டன் நிற்கும். தேய்ந்த சங்கிலி ஏற்றத்தில் மட்டும் நழுவுவதற்கு இந்தக் கூடுதல் இழுவிசையும் ஒரு காரணம். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் கண்ணிகளின் ஊசிகள் துருப்பிடித்து விரைவில் தேய்வதால், சங்கிலி நீண்டுவிடுகிறது. அளக்க அடிக்கோல் போதும். புதிய சங்கிலியில் 24 அரை அங்குலக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலமும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குமாக நீண்டுவிட்டால், பின் பற்களும் கொக்கிபோல் வளைந்திருக்கும். சங்கிலியை மட்டும் மாற்றினால் புதிய சங்கிலி அந்தப் பற்களில் ஒட்டி உட்காராது.

நழுவுவது சங்கிலியா, ப்ரீவீலா என்று கண்டுகொள்ள, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியைப் பலமாக அழுத்தி ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். கண்ணிகள் பற்களின் மேலேறித் தாவினால் குறை சங்கிலியிலோ பற்களிலோ இருக்கிறது. பற்சக்கரமும் சங்கிலியும் சேர்ந்தே முன்னே நகர, பின்சக்கரம் மட்டும் அசையாமல் நின்றால், திருப்பு விசை ப்ரீவீலுக்குள் இருக்கும் சிறு நாக்குகளில் அறுபடுகிறது. அங்கே சங்கிலியை மாற்றிப் பயனில்லை, ப்ரீவீலைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.