கரையும் மாத்திரை இல்லைங்க, கரைச்சுக் குடிக்கிற மாத்திரை

தண்ணியில போட்டா பொங்குற எஃபர்வெசென்ட் டேப்லெட்டுக்கு "கரையும் மாத்திரை"ன்னு தமிழ் போடுறதை இன்னும் எத்தனை தடவை தான் பாக்குறது. போன மாசம் எங்க சித்தப்பாவுக்கு சளி இருமல், டாக்டர் அசிட்டைல்சிஸ்டைன் 600 எழுதிக் கொடுத்தார், மருந்துக் கடைப் பையன் கவர் மேல "கரையும் மாத்திரை, ராத்திரி 1"ன்னு எழுதிட்டான். மனுசன் என்ன பண்ணுவார், அதான் கரையுமேன்னு வாயில போட்டு ஒரு மடக்கு தண்ணி குடிச்சிருக்கார். அடுத்த நிமிசம் வாயெல்லாம் நுரை, மூக்குல புளிப்பா ஏறி இருமி இருமி பாதியை வாஷ்பேசின்ல துப்பிட்டார்.

அவர் மேல தப்பே இல்ல. கரையும்னா தன்வினை, தானா கரையும்னு அர்த்தம். வயித்துக்குள்ள போனா சாதா மாத்திரை கூடத்தான் கரையுது, அப்புறம் இதுல என்ன விசேஷம்? நம்ம மொழியில கரைஞ்சு, கரைச்சு ரெண்டும் வேற வேற வேலை செய்யுது, மொழிபெயர்க்கிறவங்க அந்த வித்தியாசத்தையே தொலைச்சுட்டாங்க.

மூலத்தைச் சட்டுனு சொல்லிடுறேன். லத்தீன்ல ஃபெர்வேரேன்னா கொதிக்கிறது, அதுல இருந்து எஃபர்வெசென்ட், பொங்கி எழுறதுன்னு பொருள். மாத்திரைக்குள்ள சிட்ரிக் ஆசிட் மாதிரி ஒரு புளிப்பும் சோடா உப்பும் காய்ஞ்ச நிலையில பக்கத்துல பக்கத்துல இருக்கும், தண்ணி பட்டதும் ரெண்டும் சேந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அது டம்ளர்ல கிளம்பணும், தொண்டையில கிளம்பக்கூடாது. தொண்டையில கிளம்புனா புரையேறும், சின்னப் பிள்ளைன்னா மூச்சே அடைக்கலாம்.

மூலத்தைப் பாத்துட்டு "கொதி மாத்திரை"ன்னு ஒருத்தர் பரிந்துரைச்சிருந்தார். கும்பிடு சாமி, அதைப் படிச்சுட்டு எங்க வீட்டுல வெந்நீர் ஊத்துவாங்க, சாதா தண்ணியே போதும். "நுரை மாத்திரை" பரவாயில்ல, ஆனா நுரைன்னா சோப்பு ஞாபகம் தான் வருது. பால் பொங்குது, சோடா பொங்குது, "பொங்கு மாத்திரை"ன்னா யாருக்கும் விளக்கம் தேவையில்ல, பொங்கி அடங்குற வரைக்கும் காத்திருக்கணும்னும் அந்தச் சொல்லே சொல்லிடும்.

டிஸ்பெர்ஸிபிள்னு இன்னொரு வகை மாத்திரை, அதுக்கு "சிதறல் மாத்திரை"ன்னு ஒருத்தர். என்னங்க இது, பிள்ளையாருக்கு உடைக்கிற சிதறு தேங்காயா? இது வேற சாதி. பொங்காது, முழுசா கரையவும் கரையாது, தண்ணி பட்டதும் உதிர்ந்து மாவு மாதிரி கலங்கி நிக்கும், 3 நிமிசத்துக்குள்ள உதிரணும்னு மருந்துத் தர நூல்ல விதியே இருக்கு. அதனால "உதிர் மாத்திரை". வயித்துப்போக்குக்குக் குழந்தைக்குக் கொடுக்கிற ஜிங்க் 20 மில்லிகிராம் இந்த வகை தான். ஒரு ஸ்பூன் தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ போட்டு உதிர்ந்ததும் புகட்டணும். கரையும்னு நம்புனவங்க தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊட்டிட்டு அடியில தங்குன வண்டலைக் கழுவி ஊத்திடுவாங்க, மருந்தே அதுல தான் கிடக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டு அலசி அதையும் கொடுக்கணும்.

அட்டையில எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிராண்டு பேரை விடுங்க, கீழ சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் பாருங்க, எஃபர்வெசென்ட் டேப்லெட்ஸ், டிஸ்பெர்ஸிபிள் டேப்லெட்ஸ்னு அங்க இருக்கும். பேருக்குப் பின்னால டி.டி. இருந்தா பெரும்பாலும் உதிர் மாத்திரை. எம்.டி. இருந்தா அது நாக்குல வச்சாலே கரையுறது, வாந்திக்குக் கொடுக்கிற ஒண்டான்செட்ரான் மாதிரி. கரையும் மாத்திரைங்கிற பேரு நியாயமா அதுக்குத்தான் சேரணும், அதைத் தூக்கி பொங்கு மாத்திரைக்கு மாட்டிட்டாங்க!

பொங்கு மாத்திரை காசு மாதிரி பெருசா, மூடியில ஈரம் உறிஞ்சுற குளிகை வச்ச குழாய்லயோ தடிச்ச அலுமினிய அட்டையிலயோ வரும். ஈரக்காத்து பட்டா உள்ளுக்குள்ளயே பொங்கி முடிச்சிடும், அட்டை உப்பியிருந்தாலோ தண்ணியில போட்டும் சும்மா கிடந்தாலோ அது கெட்டுப்போனது. இதுல சோடியம் நிறைய, பிபி, இதயம், கிட்னி தொந்தரவு இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

சாஷேயிலயும் இதே கூத்து. பாக்கெட்ல வர்றதெல்லாம் பொங்காது, ஓஆர்எஸ் பொங்காது, பெரிய பாக்கெட்னா ஒரு லிட்டர் தண்ணியில மொத்தமா கரைக்கணும். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு தான் கணக்கு, பொங்குதா இல்லையாங்கிறது இல்ல.

இப்ப சித்தப்பா கவர்ல நான் அடிச்சுத் திருத்தி எழுதி வச்சிருக்கேன்: "பொங்கு மாத்திரை. அரை டம்ளர் தண்ணியில போடு, அடங்குனதும் குடி." கடைப் பையன் அதைப் பாத்துட்டு, "இவ்ளோ எழுத கவர்ல இடம் இல்லண்ணே"ங்கிறான்.